பில்லில் மீட்டர் ரீடிங் தவறாக அச்சாகியிருந்தால் மின் அலுவலகத்துக்குக் கடிதம் எப்படி எழுதுவது?

கேள்வி: வழக்கமாக எங்கள் வீட்டுக்கு 400 யூனிட் அளவில்தான் வரும். இந்த முறை 682 யூனிட் என்று பில் வந்திருக்கிறது. முந்தைய ரீடிங் 14286 (ஜனவரி 2), இப்போதைய ரீடிங் 14968 (மார்ச் 3) என்று போட்டிருக்கிறார்கள். மார்ச் 8 காலையில் மீட்டரைப் பார்த்தால் 14729தான் காட்டுகிறது. அலுவலகத்தில் நேரில் சொன்னதற்கு, "அடுத்த பில்லில் தானாகச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் கொடுத்தால் பார்ப்பார்களா? என்ன எழுத வேண்டும்?

பதில்:

எழுத்தில் கொடுத்தால் பார்ப்பார்கள். உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் பலரிடம் இல்லாத ஒன்று. பில் பிரிவில் மனு வாங்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன். பத்து மனு வந்தால் எட்டில் "நாங்கள் இவ்வளவு பயன்படுத்தவே இல்லை, வீட்டில் இரண்டே பேர்தான், ஏசி கூட இல்லை" என்றுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு அலுவலரால் எதையும் திருத்த முடியாது. அவர் எதிரில் ஒரு பதிவேடு இருக்கிறது, அதில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் தவறு என்று காட்ட இன்னொரு எண்தான் வேண்டும்.

அந்த இன்னொரு எண் நீங்கள் பார்த்த 14729. மீட்டர் பின்னால் ஓடாது. மார்ச் 3 அன்று 14968 இருந்திருந்தால் மார்ச் 8 அன்று அதற்கு மேல்தான் இருக்க வேண்டும். ஐந்து நாள் கழித்தும் குறைவாக இருக்கிறது என்றால், 3ஆம் தேதி எழுதிய எண் தவறு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. எண் சுற்று முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்பினாலோ, இடையில் மீட்டரையே மாற்றியிருந்தாலோதான் இந்த வாதம் நிற்காது. உங்கள் விஷயத்தில் இரண்டும் இல்லை. கடிதத்தின் முதுகெலும்பு இந்த ஒரு வாக்கியம்தான், மற்றதெல்லாம் அதற்குத் துணை.

ஆனால் அலுவலர் அடுத்து ஒரு கேள்வி கேட்பார்: "சரி, 14968 தவறு. அப்படியானால் அன்றைக்குச் சரியான எண் என்ன?" இதற்குப் பதில் இல்லாமல் போனால், "ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன்" என்பதோடு மனு கோப்புக்குள் போய்விடும். அதனால் பதிலை நீங்களே கணக்குப் போட்டுக் கொண்டு போங்கள்.

இன்னொரு நாள் ரீடிங் பாருங்கள். மார்ச் 12 காலை அதே நேரத்துக்குப் பார்த்து, 14755 என்று இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாளில் 26 யூனிட், அதாவது நாளுக்கு ஆறரை. மார்ச் 8இலிருந்து ஐந்து நாள் பின்னால் போனால் சுமார் 32 அல்லது 33 யூனிட் கழிய வேண்டும். ஆக மார்ச் 3 அன்று மீட்டர் 14696, 14697 என்கிற அளவில் இருந்திருக்கும்.

இப்போது பில்லில் உள்ள எண்ணைப் பாருங்கள்: 14968. அதில் 9ஐயும் 6ஐயும் இடம் மாற்றினால் 14698. நீங்கள் கணக்குப் போட்டு வந்த எண்ணுக்கும் இதற்கும் ஒன்றிரண்டு யூனிட்தான் வித்தியாசம். ரீடிங் எடுத்தவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார், எழுதும்போதோ கருவியில் தட்டும்போதோ இரண்டு இலக்கம் புரண்டுவிட்டது. வெயிலில் வரிசையாகப் பல மீட்டர் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இது நடக்கும்.

கணக்காளர்களிடம் இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால், தவறான எண்ணுக்கும் சரியான எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 14968இலிருந்து 14698ஐக் கழித்தால் 270, அதாவது 9 × 30. வகுபடுவதால் மட்டும் இலக்கப் புரட்டல் நிரூபணமாகாது, ஆனால் வகுபடாவிட்டால் அது இலக்கப் புரட்டல் இல்லை. இந்தச் சோதனை உங்களுக்காகத்தான், கடிதத்தில் எழுத வேண்டாம். எழுதினால் அலுவலர் உங்களை விநோதமாகப் பார்ப்பார்.

14698 என்று எடுத்துக்கொண்டால் உங்கள் பயன்பாடு 412 யூனிட். 60 நாளுக்கு 412 என்றால் நாளுக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவு. இப்போது ஓடும் ஆறரையோடும் பொருந்துகிறது, நீங்கள் சொன்ன "வழக்கமாக 400" என்பதோடும் பொருந்துகிறது. பழைய பில்கள் மூன்று இருந்தால் நகலை இணையுங்கள். அவற்றைத் துணைக்குத்தான் வைக்க வேண்டும், முதல் ஆதாரமாக வைக்கக் கூடாது. கோடையில் கூடியிருக்கலாம், விருந்தினர் வந்திருக்கலாம் என்று பதில் சொல்லிவிடுவார்கள்.

"அடுத்த பில்லில் சரியாகிவிடும்" என்று சொன்னார்களே, அதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் ஆபத்து. அடுத்த முறை மீட்டர் 15098 காட்டுகிறது என்று வையுங்கள். அவர்கள் பதிவேட்டில் முந்தைய ரீடிங் 14968 என்று இருப்பதால் பில் 130 யூனிட்டுக்கு வரும். இரண்டு பில்லையும் கூட்டினால் 682 + 130 = 812. சரியாக எடுத்திருந்தால் 412 + 400, அதுவும் 812. யூனிட் கணக்கு நேராகிவிடுகிறது.

பணக் கணக்கு நேராகாது. பெரும்பாலான இடங்களில் வீட்டு மின் கட்டணம் படிக்கட்டு மாதிரி. குறிப்பிட்ட யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை கூடும், சில இடங்களில் சலுகையும் கைநழுவும். ஒரு பேச்சுக்கு, 500க்கு மேல் விலை ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், தவறான பில்லில் உங்களுடைய 182 யூனிட் அந்த மேல்படியில் விழுகிறது. சரியான பில்லில் ஒரு யூனிட் கூட அங்கே விழாது. அடுத்த பில் 130 ஆகக் குறைந்து வந்தாலும், மேல்படியில் கொடுத்த பணம் திரும்பாது. உங்கள் கட்டண அட்டவணையில் படி எங்கே மாறுகிறது என்று பில்லின் பின்பக்கத்திலோ இணையத்திலோ பார்த்து, அந்த வித்தியாசத்தைக் கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இனி போட்டோ. மின்னணு மீட்டரின் திரை ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்காது. தேதி, நேரம், மின்னழுத்தம், உச்சத் தேவை என்று ஒவ்வொன்றாக மாறி வரும். நமக்கு வேண்டியது `kWh` என்று பக்கத்தில் எழுதியிருக்கும் எண் மட்டும். `kVAh` என்று ஒன்று வரும், எண் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள். நிறைய மீட்டர்களில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் அடுத்த எண்ணுக்கு நகரும். என் யோசனை, போட்டோவோடு ஒரு சுற்று முழுவதையும் கைபேசியில் வீடியோவாகவும் எடுத்துவிடுங்கள். மீட்டரே காட்டும் தேதியும் அதில் விழும், அதைவிட நல்ல சான்று இல்லை.

போட்டோவில் ரீடிங்கும் மீட்டரின் உடலில் பொறித்திருக்கும் வரிசை எண்ணும் ஒரே சட்டத்தில் வர வேண்டும். ரீடிங் மட்டும் இருக்கும் போட்டோ யார் வீட்டு மீட்டரோ என்று ஒதுக்கப்படும். ஃபிளாஷ் போட்டால் கண்ணாடியில் வெள்ளையாக அடித்து எண் மறைந்துவிடும். ஃபிளாஷை அணைத்துவிட்டுக் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுங்கள். அப்புறம் அந்த வரிசை எண் பில்லில் அச்சிட்டிருக்கும் மீட்டர் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கதையே வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இப்படி எழுதலாம்:

அனுப்புநர்: பெயர், முழு முகவரி, கைபேசி எண்

பெறுநர்: பொறுப்பு அலுவலர், பில்லில் அச்சிட்டிருக்கும் அலுவலகத்தின் பெயரும் முகவரியும்

நாள்: மார்ச் 12

பொருள்: இணைப்பு எண் ______, மீட்டர் எண் ______ – மார்ச் 3 ரீடிங் தவறாகப் பதிவானது – பதிவைத் திருத்தித் திருத்திய பில் வழங்கக் கோருதல்.

ஐயா / அம்மா,

மேற்கண்ட இணைப்புக்கு வந்துள்ள பில்லில் முந்தைய ரீடிங் 14286 (ஜனவரி 2) என்றும், இப்போதைய ரீடிங் 14968 (மார்ச் 3) என்றும், பயன்பாடு 682 யூனிட் என்றும் உள்ளது.

அதே மீட்டர் மார்ச் 8 காலை 7 மணிக்கு 14729, மார்ச் 12 காலை 7 மணிக்கு 14755 காட்டியது. பின்னர் பார்த்த இரண்டு ரீடிங்குகளும் மார்ச் 3 அன்று பதிவானதைவிடக் குறைவாக இருப்பதால், 14968 என்பது சரியான ரீடிங்காக இருக்க முடியாது.

இப்போது நாளொன்றுக்கு சுமார் 6.5 யூனிட் பயன்பாடு உள்ளது. அதன்படி பின்னோக்கிக் கணக்கிட்டால் மார்ச் 3 அன்று ரீடிங் சுமார் 14697 வருகிறது. எனவே 14698 என்பது 14968 என்று இலக்கம் மாறிப் பதிவாகியிருக்கலாம் எனக் கருதுகிறேன். அப்படியானால் பயன்பாடு 412 யூனிட்.

இந்த வேறுபாட்டால் 270 யூனிட் கூடுதலாகக் கணக்கிடப்பட்டு, அதில் ஒரு பகுதி உயர் கட்டணப் படியில் சேர்ந்துள்ளது. அடுத்த பில்லில் யூனிட் சரியானாலும் இந்தத் தொகை சரியாகாது.

ஆகவே, (1) மீட்டரை நேரில் பார்த்து ரீடிங்கை உறுதி செய்யவும், (2) மார்ச் 3 ரீடிங் பதிவைத் திருத்தவும், (3) இந்தப் பில்லை ரத்து செய்து திருத்திய பில் வழங்கவும், (4) அதுவரை இந்தப் பில் தொகைக்காக மின் இணைப்பைத் துண்டிக்காமலும் தாமதக் கட்டணம் விதிக்காமலும் இருக்கவும் வேண்டுகிறேன்.

இணைப்பு: பில் நகல், மார்ச் 8 மற்றும் 12 ரீடிங் போட்டோக்கள், முந்தைய மூன்று பில்களின் நகல்.

இப்படிக்கு,
கையொப்பம்

இதில் நான் வேண்டுமென்றே எழுதாமல் விட்ட ஒரு சொல் உண்டு: "மீட்டர் பழுது". பலர் கோபத்தில் "உங்கள் மீட்டர் கோளாறு, அதிகமாக ஓடுகிறது" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். அந்த வரி விழுந்த நிமிடமே மனு வேறு பாதையில் போகும். மீட்டரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்புவது, அதற்குக் கட்டணம் கட்டச் சொல்வது, முடிவு வரும்வரை காத்திருப்பது என்று இழுக்கும். சோதனையில் மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று வரும், ஏனென்றால் அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. உடனே "மீட்டர் சரி, ஆகவே பில்லும் சரி" என்று கோப்பை மூடிவிட வாய்ப்புண்டு. உங்கள் குறை மீட்டர்மேல் இல்லை, மீட்டரிலிருந்து எடுத்து எழுதிய எண்மேல்.

இன்னொன்றும் கவனியுங்கள். 14698 என்று அடித்துச் சொல்லவில்லை, "இருக்கலாம் எனக் கருதுகிறேன்" என்றுதான் எழுதியிருக்கிறேன். 14968 தவறு என்பது உறுதி. சரியான எண் என்ன என்பது ஊகம், வலுவான ஊகம்தான், ஆனாலும் ஊகம். உறுதியானதை உறுதியாகவும் ஊகத்தை ஊகமாகவும் எழுதினால் மறுத்துப் பேச இடமிருக்காது. ரீடிங் எடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அவரைக் குற்றம் சொன்னால் விசாரணை, விளக்கம் என்று போகும். எண்ணைத் திருத்துவது மட்டும் என்றால் அதே மேசையில் முடியலாம்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரை, தேதி, கையொப்பம் மூன்றும் வாங்குங்கள். "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்றால் நகரவேண்டாம், பொறுமையாக நின்று வாங்குங்கள். இணையத்தில் புகார் பதியும் வசதி இருந்தால் அங்கேயும் இதே வாசகத்தைப் போட்டுப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் போகும்போது அந்த எண்ணைக் கடிதத்தின் மேல் எழுதிவிட்டால் இரண்டும் ஒரே விஷயம் என்று தெரியும்.

பணம் கட்டுவதா வேண்டாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். மனு கொடுத்துவிட்டோம் என்று கடைசித் தேதியைத் தாண்டவிடாதீர்கள். இணைப்பைத் துண்டிக்கும் பட்டியல் தனியாக ஓடும், உங்கள் மனு வேறொரு மேசையில் இருப்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. கடிதம் கொடுக்கும்போதே, சர்ச்சையில்லாத 412 யூனிட்டுக்கான தொகையை மட்டும் கட்ட அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். அனுமதித்தால் அதைக் கடிதத்தின் நகலிலேயே எழுதி வாங்குங்கள். முடியாது என்றால் முழுத் தொகையைக் கட்டிவிட்டு, "ஆட்சேபத்துடன் செலுத்தியுள்ளேன், கூடுதல் தொகையை வரும் பில்லில் வரவு வைக்கவும்" என்று ஒரு வரிக் கடிதம் ரசீது நகலோடு கொடுங்கள். பேசாமல் கட்டிவிட்டால் பில்லை ஒப்புக்கொண்டீர்கள் என்று ஆகிவிடக் கூடும்.

இதே பிரச்சினையோடு வரும் வேறு சிலருக்கு மீட்டர் இப்போது பில்லைவிட மேலேதான் காட்டும். அவர்களுக்கு உங்கள் வாதம் உதவாது. முந்தைய முறை வீடு பூட்டியிருந்தது என்று சராசரி போட்டு, அது குறைவாகப் போய், இப்போது மொத்தமாகச் சேர்ந்து வந்திருக்கலாம். அப்போது ரீடிங் சரிதான். கேட்க வேண்டியது, யூனிட்டை இரண்டு பில் காலத்துக்கும் பிரித்துப் படிக் கட்டணம் போடுங்கள் என்பதை.

மீட்டர் எண் ஒத்துப்போகாவிட்டால் பக்கத்து வீட்டு மீட்டரும் உங்களுடையதும் பதிவேட்டில் மாறிக் கிடக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரே பலகையில் பத்து மீட்டர் இருக்கும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு, கீழே போய் எந்த மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு நின்றுவிட்டது என்று பாருங்கள். நின்றது எதுவோ அதுதான் உங்களுடையது. உங்கள் பில்லில் வேறு எண் இருந்தால், கடிதத்தில் இரண்டு மீட்டர் எண்ணையும் குறிப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்ந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அவருக்குக் குறைவாக வந்துகொண்டிருந்தால் முகம் சுளிப்பார், ஆனாலும் என்றைக்காவது அவர் பக்கமும் கணக்குத் திரும்பி வரும் என்பதைச் சொல்லிப் பாருங்கள்.

உங்களுக்குத் திருத்திய பில் வந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். தொகையை மட்டும் குறைத்துவிட்டுப் பதிவேட்டில் 14968ஐ அப்படியே விட்டுவிடுவது நடக்கிற விஷயம். அப்படி விட்டால் அடுத்த பில் 270 யூனிட் குறைவாக வரும், ஒரு நாள் தணிக்கையில் கண்டுபிடித்து நிலுவை என்று கேட்பார்கள். அடுத்த பில் வந்தவுடன் தொகையைப் பார்க்கும் முன்னால் "முந்தைய ரீடிங்" என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 14698 இருக்க வேண்டும். இல்லையென்றால் முத்திரை வாங்கிய பிரதியை எடுத்துக்கொண்டு அன்றே போய்விடுங்கள்.